இருபத்திமூண்டு பேர் சாகேல்லை

இராசமலரை ஆரும் "கெதியா, கெதியா" எண்டு கலைச்சால் அவளின்ர கை இன்னும் ஆறுதலாத்தான் ஓடும். பிறவிக்குணம், மாத்தேலாது. 2010இலை வன்னியிலையிருந்து பாரிசிலை வந்திறங்கி, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை ஒண்டிலை கோப்பை கழுவினபோதும் அப்பிடித்தான். முதலாளி குசினி வாசலிலை நிண்டு கத்துவார். அவள் ஒவ்வொரு கோப்பையையும் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்துத்தான் அடுக்குவாள். ஆறு மாசத்திலை அந்த வேலை போச்சு. "போனால் போகட்டும். ஊத்தைக் கோப்பையிலை நான் ஒருத்தருக்கும் சோறு குடுக்கேல்லை" எண்டு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சவள்.

பிறகு கிடைச்சது லா சப்பல் மெத்ரோப் பாலத்துக்குக் கிட்ட ஸ்ரீஸ்கந்தராசாவின்ர அச்சுக்கடை. சிறி அண்ணை எண்டால்தான் எல்லாருக்கும் தெரியும். கலியாண அழைப்பிதழ், சாமத்தியவீட்டு அட்டை, அந்தியேட்டிப் புத்தகம் எல்லாம் அங்கைதான் அடிக்கிறது. ஆனால் கடையைத் தூக்கி நிறுத்தினது இந்த அழைப்பிதழ்கள் இல்லை. புறநகரிலை ஆயிரக்கணக்கான வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிற ஒரு பெரிய வீட்டு நிறுவனம், பொபினியிலை அதுக்கு ஒரு அலுவலகம். அவையள் தங்கட வாடகைக்காரருக்கு ஏழு பாசையிலை கடிதம் அனுப்பிறவை. மொழிபெயர்க்க, அச்சடிக்க, உறையிலை போட எல்லாத்துக்கும் சிறி அண்ணையின்ர கடைதான்.

அந்த வேலைக்கு பிரெஞ்சிலை பப்ளிபொஸ்தாஜ் எண்டு பேர். ஒரு கடிதத்தை மாதிரியா எழுதி, ஆளாளுக்கு மாறிற இடத்திலையெல்லாம் ஒரு வெற்றிடம் விட்டு வைக்கிறது. பட்டியலைக் கொண்டுவந்து கொழுவிவிட்டால் கொம்பியூட்டர் தானே ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் ஒவ்வொருத்தற்ற பேரை இறக்கிக்கொண்டு போகும். கேக்கச் சுகமாத்தான் இருக்கும். செய்து பாத்தவைக்குத் தெரியும் அதிலை இருக்கிற கோதாரி.

இராசமலர் அந்தக் கோதாரியிலை வலு கெட்டிக்காரியாகிவிட்டாள். முதல் வருசம் ஒரு மொழிபெயர்ப்பாளர் வெற்றிடத்துக்குள்ளை கிடந்த «NOM» எண்ட சொல்லையும் சேர்த்து மொழிபெயர்த்து, கையாலை «பெயர்» எண்டு அடிச்சு அனுப்பியிருந்தார். பாவம், அந்த மனிசனுக்கு என்ன தெரியும்? கையாலை அடிச்சால் அது வெற்றிடமில்லை, வெறும் எழுத்து. கொம்பியூட்டர் அதைத் தொடாது. நானூறு பேருக்கும் "அன்புள்ள «பெயர்»" எண்டு போயிருக்கும். இராசமலர்தான் பிடிச்சாள். இன்னொருக்கா வெற்றிடத்துக்குப் பின்னாலை "உக்கு" எண்டு ஒட்டியிருந்தது. "சுபாங்கிஉக்கு", "வதனாஉக்கு" எண்டு விழும். அவள் அந்த வசனத்தையே பிரிச்சு, பேருக்குப் பின்னாலை ஒண்டும் ஒட்டாத மாதிரி மாத்தி எழுதினாள். "பேரைத் தனிய விடுங்கோ, அதுக்கு வால் வைக்காதையுங்கோ" எண்டு அடிக்கடி சொல்லுவாள். சிறி அண்ணை அதைக் கேட்டுக் கேட்டு, வீட்டு நிறுவனத்தோடை ஒரு ஒழுங்கே போட்டுவிட்டார். எந்தப் பாசைக் கடிதமும் அந்தப் பாசை தெரிஞ்ச ஆள் "அச்சடிக்கலாம்" எண்டு கையெழுத்து வைக்காமல் வெளியிலை போகாது. தமிழுக்கு இராசமலரின்ர கையெழுத்து.

இப்ப சொல்லுறது 2016ஆம் ஆண்டுக் கதை. பொபினிப் பக்கத்திலை ஒரு பழைய அடுக்குமாடித் தொகுதியை அந்த நிறுவனக்காரர் இடிக்கப் போகினம். இருக்கிற சனத்துக்குப் பக்கத்திலையே புதுக் கட்டிடத்திலை வீடு குடுப்பினம். அதுக்கு முன்னம் ஆர் ஆர் இருக்கினம் எண்டு கணக்கெடுக்கக் கடிதம் அனுப்பினவை. அடியிலை வெட்டி அனுப்பிற ஒரு துண்டு: இன்னார் இந்த வீட்டில் வசிக்கிறாரா? ஆம். இல்லை, வேறிடம் போய்விட்டார். இல்லை, காலமாகிவிட்டார். மூண்டு பெட்டி. ஒண்டிலை புள்ளடி போட்டு அனுப்பவேணும்.

இராசமலர் மாதிரிக் கடிதத்தைப் பாத்தாள். பட்டியல் கடைசி நாள்தான் வரும். அதுவரைக்கும் சோதிச்சுப் பாக்க நிறுவனம் ஒரு பொய்ப்பேர் குடுத்திருந்தது: மதாம் கிளேர் மார்த்தன். தமிழிலை "திருமதி MARTIN இந்த வீட்டில் வசிக்கிறாரா?" எண்டு வந்தது. வெற்றிடம் சரி, வால் இல்லை, எழுத்துரு உடையேல்லை. கையெழுத்து வைச்சாள். அறுபத்தொரு தமிழ்க் குடும்பத்துக்கும் கடிதம் போச்சு.

ஆறு கிழமை கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்குள்ளை அற்புதமலர் வந்தா. ஐம்பத்திமூண்டு வயது, கலியாணம் கட்டேல்லை, ஹோட்டல் ஒண்டிலை அறை துப்பரவாக்கிற வேலை. அந்தத் தொகுதியிலை பதினாலு வருசமா ஒரு அறையும் குசினியும். பிரெஞ்சுக் கடிதம் வாசிக்கத் தெரியாத எல்லாரும் இராசமலரிட்டைத்தான் வாறவை. அற்புதமலருக்குத் தமிழ் நல்லா வாசிக்கத் தெரியும், பிரெஞ்சுதான் மட்டுமட்டு.

"பிள்ளை, இதிலை என்ன கிடக்கு? பக்கத்துவீட்டுப் பெடிச்சி வாசிச்சுப்போட்டு ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போறாள்."

இராசமலர் வாசிச்சாள். திருப்பி வாசிச்சாள். "மதாம் அரியரத்தினத்தின் வாரிசுகளுக்கு" எண்டு தொடங்கியிருந்தது. ஆழ்ந்த அனுதாபங்களாம். வாடகை ஒப்பந்தம் முடிஞ்சுதாம். மாசக் கடைசிக்குள்ளை வீட்டைக் காலியாக்கித் திறப்பை ஒப்படைக்கட்டாம்.

"அக்கா, நீங்கள் செத்துப்போனியளாம்."

"என்ன விசர்க்கதை இது!"

"விசர்க்கதைதான். ஆனால் முத்திரை குத்தி அனுப்பியிருக்கினம். அந்தத் தமிழ்க் கடிதத்துத் துண்டிலை என்ன புள்ளடி போட்டனீங்கள்?"

அற்புதமலர் கடிதத்தைத் திருப்பி வாங்கினா. "திருமதி அரியரத்தினம் இஞ்சை இருக்கிறாவோ எண்டு கேட்டிருந்தவை. அரியரத்தினம் என்ர ஐயா. திருமதி அரியரத்தினம் என்ர அம்மா. அம்மா தொண்ணூற்றாறிலை கிளிநொச்சியிலை மோசம் போனவ. களவா இன்னொரு ஆளை வீட்டிலை வைச்சிருக்கிறன் எண்டு சந்தேகப்படுகினமாக்கும் எண்டு பயந்து, உள்ளதைத்தான் போட்டனான். காலமாகிவிட்டார் எண்டு."

"உங்களை இஞ்சை எல்லாரும் மதாம் அரியரத்தினம் எண்டுதானே கூப்பிடினம்?"

"பிரெஞ்சிலை எண்டால் அது நான். தமிழிலை எண்டால் அது அம்மா. இது தமிழிலை வந்த கடிதம்தானே, பிள்ளை."

இராசமலர் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டாள். இந்த நாட்டிலை எங்கடை ஆக்களின்ர பபியேயிலை, அதான் வதிவிடப் பத்திரத்திலை, குடும்பப் பேர் எண்ட பெட்டிக்குள்ளை தேப்பன்ர பேர்தான் கிடக்கு. நாலு வருசத்துக்கு முன்னம், கலியாணம் கட்டாத பொம்பிளையளுக்குப் போடுற மதமுவசெல் எண்ட சொல்லைக் கந்தோர்ப் படிவங்களிலையிருந்து எடுத்துப்போட்டினம். அதாலை கட்டினவ, கட்டாதவ எல்லாரும் மதாம். பட்டியலிலை மதாம் எண்டு கிடந்தால் தமிழ் மாதிரி திருமதி எண்டு போடும். திருமதிக்குப் பக்கத்திலை தேப்பன்ர பேர் வந்து குந்தும். உயிரோடை இருக்கிற மகள், செத்துப்போன தாயாகிவிடுவாள். ஆம்பிளையளுக்கும் அதே கதிதான், திரு எண்டு போட்டுத் தேப்பனைத்தான் விசாரிக்கும்.

பிரெஞ்சு மாதிரியிலை முழுப்பேரும் உறையிலை மட்டும்தான். கடிதத்துக்குள்ளை மதாமும் குடும்பப்பேரும். அதை அப்பிடியே தமிழுக்குக் கொண்டுவந்தது இராசமலர். அவளை மட்டும் என்ன, ஆறு வருசமா எல்லாக் கந்தோரிலையும் மதாம் குணசேகரம் எண்டுதான் கூப்பிட்டவை. அவளும் செத்த தேப்பன்ர பேருக்கு எழும்பி எழும்பிப் பழகிவிட்டாள். மார்த்தனை வைச்சுச் சோதிச்சால் இது எங்கை தெரியப்போகுது? ஒரு அரியரத்தினத்தை வைச்சுப் பாத்திருந்தால் அந்த இடத்திலையே பிடிச்சிருப்பாள். தன்னிலை வந்த கோவத்துக்கு அவளுக்குக் கண் கலங்கிச்சு.

"அழாதை பிள்ளை, செத்தது நானெல்லோ" எண்டா அற்புதமலர். பிறகு சிரிக்கப் பாத்தா, முடியேல்லை. "மாசக் கடைசி எண்டால் இன்னும் பதினைஞ்சு நாள்தான். நான் எங்கை போறது?"

அடுத்தநாள் காலமை நிறுவனத்திலையிருந்து கடைக்குப் புது வேலை வந்தது. பிரெஞ்சிலை வந்த அந்த வாரிசுக் கடிதத்தின்ர தமிழ் வடிவம். பட்டியலிலை இருபத்திமூண்டு பேர். ஒரே தொகுதியிலை ஆறு கிழமைக்குள்ளை இருபத்திமூண்டு தமிழ்ச் சாவு! அங்கை இருக்கிற ஒருத்தருக்காவது, இதென்ன, கொள்ளை நோய் வந்ததோ எண்டு கேக்கத் தோன்றேல்லை. பெட்டியிலை புள்ளடி விழுந்தது, மிசின் எண்ணிச்சு, ஆள் செத்தாச்சு.

சிறி அண்ணை அச்சடிக்கிற அனுமதித் தாளை அவளுக்கு முன்னாலை வைச்சார். "கையெழுத்தைப் போடு. பின்னேரம் போகவேணும்."

"போடமாட்டன்."

"என்ன?"

"இருபத்திமூண்டு பேரும் உயிரோடை இருக்கினம், அண்ணை. உயிரோடை இருக்கிற ஆக்களுக்குச் செத்தவீட்டுக் கடிதம் அனுப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டன்." நடந்ததை அவள் சொன்னாள்.

சிறி அண்ணை கேட்டு முடிய, கதவைச் சாத்திப்போட்டு வந்தார். கெட்ட மனிசனில்லை. ஆனால் அந்த நிறுவனம் போனால் கடையும் போகும், அதுதான் அவருக்குப் பயம். "இஞ்சை பார் இராசமலர். முதல் கடிதத்துக்குக் கையெழுத்து வைச்சது ஆர்? நீ. இது வெளியிலை வந்தால் பழி எங்கடை தலையிலைதான். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. அந்தச் சனம் ஒவ்வொருத்தராப் போய், நாங்கள் உயிரோடை இருக்கிறம் எண்டு காட்டினால் சரியாயிடும்."

"வேலைக்குப் போற சனம் ரந்தேவு எண்டு சந்திக்க நேரம் எடுத்து, லைனிலை நிண்டு, தான் சாகேல்லை எண்டு நிரூபிக்க வேணுமோ? பிழைவிட்டது நான். அலையிறது அவையோ?"

"கையெழுத்தைப் போடு."

அவள் சிவப்புப் பேனையை எடுத்து, அந்தத் தாளிலை குறுக்காலை கோடிழுத்து "மறுக்கப்பட்டது" எண்டு பிரெஞ்சிலை எழுதினாள். கீழை காரணத்தையும் எழுதினாள். பிறகுதான் கையெழுத்து வைச்சாள். சிறி அண்ணை தலையிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டார்.

வெள்ளிக்கிழமை அற்புதமலர் ஹோட்டலிலை அரைநாள் லீவு எடுத்தா. இரண்டு பேரும் கார் து நோரிலை அஞ்சாம் மெத்ரோ பிடிச்சுப் பொபினிக்குப் போச்சினம். இராசமலர் தன்ர மடிக்கணினியைக் கொண்டுபோனாள். வாடகைக்காரரின்ர பட்டியலைக் கடைக்கு வெளியிலை கொண்டுபோகக்கூடாது, அது அவளுக்குத் தெரியும். வெறும் மாதிரிக் கடிதமும், ஒரு பேர்கூட இல்லாத பட்டியலும்தான் உள்ளை.

கடிதப் பகுதிக்குப் பொறுப்பு மதாம் பெசோன். கண்ணாடி போட்ட, மரியாதையான மனிசி. "எங்கள் பதிவின்படி மதாம் அரியரத்தினம் காலமாகிவிட்டார்" எண்டு அவ சொன்னபோது, அந்த மதாம் அரியரத்தினம் முன்கதிரையிலை இருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தா. நகரசபையிலை உயிர்ச்சான்று எடுக்கவேணுமாம். எழுத்திலை விண்ணப்பம் குடுக்கவேணுமாம். குழு கூடிப் பாக்க மூண்டு மாசம் செல்லுமாம். புது வீடு பிரிச்சுக் குடுக்கிறதோ அடுத்த புதன்கிழமை.

"ஆள் உங்களுக்கு முன்னாலை இருக்கிறா, மதாம். நுள்ளிப் பாருங்கோ" எண்டாள் இராசமலர்.

"எனக்குப் புரிகிறது. ஆனால் அவரே கையால் புள்ளடி போட்டிருக்கிறாரே. கேள்வி தெளிவாகத்தானே இருந்தது?"

அந்தக் கடைசி வசனம்தான் இராசமலருக்குச் சுள்ளெண்டு ஏறிச்சு. அவள் மடிக்கணினியைத் திறந்து மேசையிலை வைச்சாள்.

"மதாம், உங்கட அப்பாவின்ர பேர் என்ன?"

"அது எதற்கு?"

"சொல்லுங்கோவன்."

"ழெரார்."

இராசமலர் வெறும் பட்டியலிலை ஒரு வரி அடிச்சாள். குடும்பப்பேர் எண்ட பெட்டிக்குள்ளை ழெரார். பட்டியலை மாதிரியோடை கொழுவினாள். திரையிலை தமிழ்க் கடிதம் வந்தது. அவள் ஒவ்வொரு சொல்லா பிரெஞ்சிலை மாத்திச் சொன்னாள். "இஞ்சை இருக்கிறதைத் தமிழ் ஆள் ஒருத்தர் எப்பிடி வாசிப்பார் எண்டு சொல்லுறன். ழெராரின் மனைவி இந்த வீட்டில் வசிக்கிறாரா? உங்களுக்கு முன்னாலை மூண்டு பெட்டி இருக்கு. உண்மையைச் சொல்லுங்கோ."

மதாம் பெசோன் திரைக்குக் கிட்டக் குனிஞ்சா. "ழெராரின் மனைவி என்றால்... என் அம்மா."

"ஓம். உங்களோடை இருக்கிறாவோ?"

"இல்லை. அம்மா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார்."

இராசமலருக்கு உள்ளை ஒரு கணம் இளகிச்சு, ஆனால் விடேல்லை. "மன்னிக்கவேணும். உங்களை நோகச் செய்யக் கேக்கேல்லை. ஆனால் நீங்களும் மூண்டாவது பெட்டியிலைதான் போடுவியள். போட்டால் அடுத்த மாசம் உங்கட வீட்டுத் திறப்பைக் கேட்டுக் கடிதம் வரும். இவவும் அதைத்தான் செய்தவ. மற்ற இருபத்திரண்டு பேருக்கும் இதுதான் நடந்தது. இந்தச் சனம் பொய் சொல்லியிருந்தால் இண்டைக்குத் தப்பியிருக்கும், மதாம்."

மதாம் பெசோன் கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சா. பிறகு சொன்னா: "ஒரு வழி இருக்கிறது. கடிதமே பிழை என்று அதைத் தயாரித்தவர் எழுதித் தந்தால், வந்த பதில்கள் செல்லாது. இருபத்திமூன்று கோப்புகளையும் இன்றைக்கே திரும்பத் திறக்கலாம். ஆனால் அந்தத் தாள் மேலிடத்துக்குப் போகும். உங்கள் கடையோடு இனி வேலை செய்வார்களா என்று நான் சொல்ல முடியாது."

இராசமலர் விறாந்தைக்கு வந்து சிறி அண்ணைக்குப் போன் அடிச்சாள். மறைச்சுச் செய்ய அவளுக்குப் பிடிக்கேல்லை. அவர் கேட்டுப்போட்டு ஒரே ஒரு வசனம் சொன்னார். "அந்தத் தாளிலை கையெழுத்து வைச்சால் திங்கட்கிழமை கடைப்பக்கம் வராதை."

"சரி அண்ணை. கடையின்ர பேரை எழுதமாட்டன், என்ர பேரைத்தான் எழுதுவன்" எண்டு சொல்லிப் போனை வைச்சாள். வேலை போனால் வாடகைக்கு என்ன செய்யிறது எண்டு அவளுக்கும் தெரியாது. அவளொண்டும் இரும்பில்லை. ஆனால் உள்ளை கதிரையிலை இருக்கிற மனிசிக்குப் போறது வேலையில்லை, வீடு.

திரும்பி வந்து எழுதினாள். தமிழ்க் கடிதத்தைச் சரிபார்த்தது நான். தமிழ்ப் பேர் ஒண்டை வைச்சுச் சோதிச்சுப் பாக்காமல் கையெழுத்து வைச்சது என்ர பிழை. கையெழுத்து வைக்கப் போனவள் பேனையை நிப்பாட்டினாள்.

"இன்னொரு வசனம் இருக்கு, மதாம். குடும்பப்பேரை மட்டும் போடச் சொன்ன மாதிரியைத் தந்ததும், பிரெஞ்சுப் பேரை வைச்சுச் சோதிக்கச் சொன்னதும், இருபத்திமூண்டு சாவை ஒருக்காவும் விசாரிக்காமல் விட்டதும் உங்கட நிறுவனம். அதை நீங்கள் எழுதுங்கோ. என்ர பிழைக்கு நான் கையெழுத்து வைக்கிறன். உங்கட பிழைக்கு நீங்கள் வையுங்கோ."

"அது என் வேலை இல்லை."

"என்ர வேலை இப்ப போச்சு. நான் வைக்கிறன்தானே?"

மதாம் பெசோன் அவளை நிமிந்து பாத்தா. அற்புதமலரைப் பாத்தா. பிறகு பேனையை வாங்கி எழுதினா. நாலு வரி. கீழை பேர், திகதி, கையெழுத்து.

"இப்போது கேள்வியை எப்படிக் கேட்கவேண்டும்?"

"திருமதியையும் திருவையும் தூக்குங்கோ. இரண்டு பேரையும் போடுங்கோ, குடும்பப்பேரும் சொந்தப்பேரும். எங்கடை ஆக்களிலை சிலருக்குக் குடும்பப்பேர்ப் பெட்டியிலை கிடக்கிறது தேப்பன்ர பேர், சிலருக்குப் புருசன்ர பேர். இரண்டும் இருந்தால்தான் ஆள் ஆரெண்டு தெரியும்." அவள் கதைச்சுக்கொண்டே மாதிரியை மாத்தினாள். பேருக்குப் பின்னாலை வால் வராத மாதிரி, பேரை ஒரு வரியிலை தனிய விட்டு, கேள்வியை அடுத்த வரியிலை வைச்சாள். பட்டியலிலை ழெராரை அழிச்சாள். "அக்கா, உங்கட பேரை அடிக்கட்டோ?"

"அடி பிள்ளை."

கடிதம் மதாம் பெசோனின்ர அச்சுமிசினிலையே வந்தது. இன்னும் சூடு ஆறேல்லை. அற்புதமலர் அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு, தமிழை எழுத்தெழுத்தா வாசிச்சா. ARIYARATNAM Atputhamalar. மேலே பெயர் குறிப்பிடப்பட்டவர் இந்த வீட்டில் வசிக்கிறாரா?

அவ பேனையை இறுக்கிப் பிடிச்சு முதல் பெட்டியிலை புள்ளடி போட்டா. போட்ட வேகத்திலை தாள் கிழிஞ்சுபோச்சு. இன்னொண்டு அடிச்சுத் தரவோ எண்டு மதாம் பெசோன் கேட்டா. அற்புதமலர் வேண்டாமெண்டு தலையாட்டினா. கிழிஞ்ச துண்டை அப்பிடியே மேசைக்கு மேலாலை தள்ளி, தமிழிலையே சொன்னா.

"ஓம், வசிக்கிறன். இன்னும் கனகாலம் வசிப்பன். எழுதிக்கொள்ளுங்கோ."